ஒரே சாஸ்திரி, மூணு பேர்: ஆய்வேட்டு மேற்கோள்களும் ஸொட்டேரோவும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு எபிசோடு ஆய்வேடு எழுதிட்டு இருக்கிறவங்களுக்கு. எப்படி எழுதணும்னு நான் சொல்லப் போறதில்லை. எழுதின இருநூத்தம்பது பக்கத்துல இருக்கிற மேற்கோள்கள், கடைசியில வர்ற துணைநூற்பட்டியல், இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி நிக்கிறது எப்படி? அதை மட்டும்தான் பேசப் போறேன்.

நான் திருவிடந்தையில இருந்து பேசுறேன். ஈ.சி.ஆர்.ல கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற வழியில நித்யகல்யாணப் பெருமாள் கோயில் இருக்கே, அந்த ஊர்தான். ஒரு கல்லூரி நூலகத்துல வேலை. ஆய்வாளர்களோட வேர்டு ஃபைலைத் திறந்து வெச்சு உட்கார்றது என் வேலையில ஒரு பகுதி ஆயிடுச்சு. அதுல ஒரு ஆய்வேட்டை மட்டும் எடுத்து முழுசா சொல்றேன். என்னை அக்கான்னு கூப்பிடுற ஒரு ஆய்வாளரோடது. இந்தக் கடற்கரைக் கோயில்களைப் பத்தின ஆய்வேடு, திருவிடந்தையில தொடங்கி மாமல்லபுரம் வரைக்கும். தமிழ்ல எழுதினது. அஞ்சு இயல், அஞ்சு தனித்தனி வேர்டு ஃபைல், முந்நூறுக்கும் மேல ஆதாரங்கள். சமர்ப்பிக்க ஆறு வாரம் இருக்கும்போது நெறியாளர் சொன்னார்: "அடைப்புக்குறிக்குள்ள பேரும் வருஷமும் வேண்டாம், எல்லாத்தையும் அடிக்குறிப்பா மாத்திடுங்க."

கையால செஞ்சா அது ரெண்டு வாரத்து வேலை. அதுலயும் தப்பு இருக்கும். ஸொட்டேரோல ஒழுங்கா வெச்சிருந்தா சில நிமிஷம். அந்த "ஒழுங்கா"ங்கிறதுதான் இன்னிக்கு நம்ம பேச்சு.

முதல்ல, அது எப்படி வேலை செய்யுது

ஸொட்டேரோ இலவச மென்பொருள். அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துல வரலாற்றுத் துறைக்காரங்க உருவாக்கினது, 2006ல வெளிவந்தது. மெண்டலி, எண்ட்நோட்னு வேற மென்பொருளும் இருக்கு. அடிப்படை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

நூலைப் பத்தின விவரம் ஒரு இடத்துல இருக்கும். அதை எப்படிக் காட்டணுங்கிற விதி இன்னொரு இடத்துல இருக்கும். விவரம் இருக்கிற இடம் உங்க லைப்ரரி: ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம், எல்லாத்துக்கும் தனித்தனிக் கட்டம். விதி இருக்கிற இடம் ஸ்டைல் ஃபைல்: ஏ.பி.ஏ., சிகாகோ, எம்.எல்.ஏ. மாதிரி. வேர்டுல `Add/Edit Citation` அழுத்தி ஒரு நூலைச் சேர்த்தீங்கன்னா, அங்க தெரியுற "(Longhurst, 1924)" நீங்க டைப் பண்ண எழுத்து இல்லை. அது ஒரு ஃபீல்டு. உள்ள அந்த நூலோட அடையாளம் இருக்கு, மேல தெரியுறது ஸ்டைல் சொன்னபடி வந்த முகம்.

இதுல இருந்தே ஒரு விதி வந்துடும். வேர்டுல தப்பாத் தெரிஞ்சா வேர்டுல திருத்தக் கூடாது. லைப்ரரிக்குப் போய்த் திருத்திட்டு, வேர்டுல `Refresh` அழுத்தணும்.

வேர்டுலயே கை வெச்சா என்ன ஆகும்? அடுத்த தடவை ஸொட்டேரோ அந்த மேற்கோளைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேட்கும்: இதை நீங்க மாத்தியிருக்கீங்க, உங்க மாற்றத்தை அப்படியே வெச்சுக்கட்டுமா? அவசரத்துல நிறையப் பேர் "யெஸ்" அழுத்திடுவாங்க. அந்த நிமிஷத்துல இருந்து அந்த மேற்கோள் உறைஞ்சு போயிடும். இனிமே லைப்ரரியில எதைத் திருத்தினாலும், ஸ்டைலையே மாத்தினாலும், அது அசையாது. இருநூத்தம்பது பக்கத்துல எங்க எல்லாம் இப்படி உறைஞ்சு கிடக்குதுன்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பின்னாடி சொல்றேன்.

ஒரே சாஸ்திரி, மூணு பேர்

அந்த ஆய்வேட்டை முதல்ல திறந்தப்போ எனக்குக் கண்ல பட்டது இதுதான். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியோட சோழர் வரலாறு. சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கிற கோயிலைப் பத்தி எழுதுறவங்க அவரைத் தொடாம போக முடியாது. முதல் இயல்ல "(Nilakanta Sastri, 1955)"னு இருக்கு. மூணாவது இயல்ல "(K. A. N. Sastri, 1955)"னு இருக்கு. நாலாவதுல "(N. Sastri, 1955)". எல்லா இடத்துலயும் அதே மனுஷர்தான். இந்த மூணு இயலையும் ஒண்ணாச் சேர்த்தா துணைநூற்பட்டியல்ல ஒரு தடவை N-லயும், ரெண்டு தடவை S-லயும் வந்து நிப்பார்.

காரணம் ஸொட்டேரோ இல்லை, நம்ம பேர்கள்தான். ஸொட்டேரோல ஆசிரியர் பேருக்கு ரெண்டு கட்டம்: கடைசிப் பேர், முதல் பேர். அது குடும்பப் பேர் இருக்கிற ஊர்க்காரங்களுக்காகப் போட்டது. நமக்கு இருக்கிறது இனிஷியலும் பேரும். நூலகப் பட்டியல்ல இருந்து தானா இறக்கும்போது ஒரு தளம் `Nilakanta Sastri`ன்னு கடைசிப் பேர்க் கட்டத்துல போடும், இன்னொண்ணு `Sastri`ன்னு மட்டும் போட்டு மிச்சத்தை முதல் பேர்ல தள்ளிடும். மூணாவது தளம் இனிஷியலையே விட்டுடும்.

இதுல அந்த இனிஷியல் எங்க இருந்து வந்ததுன்னு பாருங்க. ஏ.பி.ஏ. விதிப்படி, ஒரே கடைசிப் பேர்ல ரெண்டு வேற ஆள் இருந்தா, குழப்பம் வராம இருக்க மேற்கோள்ல இனிஷியலும் சேரணும். ஒரு பதிவுல `K. A. Nilakanta` சாஸ்திரி, இன்னொண்ணுல வெறும் `Nilakanta` சாஸ்திரி. மென்பொருளுக்கு இது ரெண்டு ஆள். அதனால விதியைச் சரியாப் பின்பற்றி இனிஷியல் போட்டுடுச்சு.

சில நேரம் அந்த இனிஷியல் நியாயமாவும் வரும். எச். கிருஷ்ண சாஸ்திரின்னு ஒரு கல்வெட்டு அறிஞர் இருந்தார், தென்னிந்தியத் தெய்வப் படிமங்களைப் பத்தி 1916ல நூல் எழுதினவர். அவரையும் `Sastri`ன்னு பதிஞ்சிருந்தா, உண்மையிலேயே ரெண்டு சாஸ்திரி இருக்காங்க, இனிஷியல் வர்றது சரிதான். அதனால மேற்கோள்ல எதிர்பாராம இனிஷியல் முளைச்சா கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்தப் பேர்ல எனக்கு நிஜமாவே ரெண்டு ஆள் இருக்காங்களா? இல்லைன்னா லைப்ரரியில ஒரே ஆள் ரெண்டு விதமாப் பதிஞ்சிருக்கார்.

நாங்க ஒரு முடிவு எடுத்தோம். ஆளோட முழுப் பேர் கடைசிப் பேர்க் கட்டத்துல, இனிஷியல் மட்டும் முதல் பேர்க் கட்டத்துல. `Nilakanta Sastri` ஒரு கட்டம், `K. A.` இன்னொரு கட்டம். `Krishna Sastri`, `H.` அதே மாதிரி. தமிழ் நூலுக்கும் இதே விதி: "இராசமாணிக்கனார்" ஒரு பக்கம், "மா." இன்னொரு பக்கம். அப்போ மேற்கோள்ல பேர் மட்டும் வரும், பட்டியல்ல "இராசமாணிக்கனார், மா."ன்னு வரும். நம்ம ஆய்வேடுகள்ல பழகின வடிவமும் அதுதான். துறை, நிறுவனம் மாதிரி ஆள் இல்லாத பேருக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன பட்டனை அழுத்தி ஒரே கட்டமா மாத்திக்கணும். இல்லைன்னா "Archaeological Survey of India"வைத் துண்டு போட்டு "India, A. S. of"னு அச்சடிச்சுடும். நான் அதையும் பார்த்திருக்கேன்.

சரி, முந்நூறு பதிவையும் எப்படிப் பார்க்கிறது? லைப்ரரியில `Creator` தலைப்பை அழுத்தினா ஆசிரியர் வரிசையில அடுக்கிடும். மேல இருந்து கீழ ஒரு தடவை கண்ணை ஓட்டினாப் போதும். ஒரே பேர் ரெண்டு எழுத்துல வந்திருந்தா பக்கத்துல பக்கத்துல தெரியும். எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு. பேர்களை மொத்தமாத் திருத்த நேரடி வசதி கிடையாது, ஒவ்வொண்ணாத்தான் பண்ணணும். அதனாலதான் நூலைச் சேர்க்கிற அன்னிக்கே பேரைப் பார்த்துச் சரி பண்ணிடுங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன்.

1955a, 1955b: எது சரி, எது தப்பு

பேரைச் சரி பண்ணதும் புதுசா ஒண்ணு கிளம்புச்சு. "(Nilakanta Sastri, 1955a)", "(Nilakanta Sastri, 1955b)", "(Nilakanta Sastri, 1955c)". தங்கச்சி பயந்துட்டாங்க.

a, b, c எழுத்து வர்றதுக்குக் காரணம், ஒரே ஆசிரியர் ஒரே வருஷத்துல ஒண்ணுக்கு மேல வெளியிட்டிருக்கார்னு லைப்ரரி சொல்லுது. இதுல பாதி உண்மை. 1955ல சோழர் வரலாற்றோட திருத்தின ரெண்டாம் பதிப்பு வந்தது. அதே 1955ல அவரோட தென்னிந்திய வரலாறும் வந்தது. ரெண்டு வேற நூல், அதனால a, b இருக்க வேண்டியதுதான். மூணாவதா வந்த c மட்டும் போலி. சோழர் வரலாற்றை ரெண்டாம் இயலுக்கு ஒரு தடவை, நாலாம் இயலுக்கு ஒரு தடவைன்னு ரெண்டு பதிவாச் சேர்த்திருந்தாங்க.

போலியை எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க. ஒரு பதிவை டெலீட் பண்ணக் கூடாது. டெலீட் பண்ணா, ஆய்வேட்டுல அந்தப் பதிவைப் பிடிச்சுட்டு இருக்கிற மேற்கோள்கள் அநாதை ஆயிடும். பழைய விவரத்தோட அப்படியே நிக்கும், இனிமே திருத்தம் எதுவும் போய்ச் சேராது. பதிலா `Duplicate Items` பகுதிக்குப் போய், ரெண்டையும் தேர்ந்தெடுத்து `Merge` கொடுக்கணும். அப்போ பழைய மேற்கோள் எல்லாம் தானா சேர்ந்த பதிவுக்குத் திரும்பிடும். `Duplicate Items`ல அது காட்டலைன்னா, லைப்ரரியில ரெண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் பண்ணாலும் `Merge Items` கிடைக்கும்.

இந்த a, b எழுத்தைக் கையால டைப் பண்றவங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். நாளைக்கு அதே வருஷத்து இன்னொரு நூல் சேர்ந்தா எழுத்து எல்லாம் இடம் மாறும். தனித்தனி இயல் ஃபைல்ல இருக்கும்போது வெறும் "1955"ன்னு காட்டினது, அஞ்சு இயலையும் ஒரே ஃபைலாச் சேர்த்ததும் "1955a" ஆகலாம். அது தப்பு இல்லை, அதுதான் சரி. அந்த வேலையை மென்பொருள்கிட்ட விட்டுடுங்க.

பதிப்பு விஷயமும் இங்கேயே சொல்லிடறேன். சோழர் வரலாறு முதல்ல வந்தது 1935லயும் 1937லயும் ரெண்டு தொகுதியா. 1955 பதிப்பு ஒரே தொகுதி. பக்க எண் ரெண்டுலயும் வேற வேற. நீங்க கையில வெச்சுப் படிச்சது எதுவோ அதைத்தான் பதியணும். 1955 பதிப்புதான் படிச்சேன், ஆனா கருத்து 1935லயே சொன்னதுன்னு காட்டணும்னா `Extra`ங்கிற கட்டத்துல இப்படி ஒரு வரி:

```
original-date: 1935
```

ஏ.பி.ஏ. ஸ்டைல்ல அது "1935/1955"ன்னு வந்துடும். பக்க எண் ஒரு பதிப்புலயும் ஆண்டு இன்னொரு பதிப்புலயும் இருந்தா, தேடிப் பார்க்கிற தேர்வாளருக்கு அந்தப் பக்கத்துல அந்த வரி இருக்காது. வாய்மொழித் தேர்வுல அதுதான் முதல் கேள்வியா வரும்.

கல்வெட்டை எங்க வைக்கிறது

கோயில் வரலாறு எழுதுறவங்களுக்கு முக்கியமான சிக்கல் இது. ஸொட்டேரோல நூல், கட்டுரை, செய்தித்தாள், வரைபடம்னு பல வகை இருக்கு. கல்வெட்டுன்னு ஒரு வகை இல்லை.

நம்ம தங்கச்சி ஒவ்வொரு கல்வெட்டையும் தனித்தனி நூலாப் பதிஞ்சிருந்தாங்க. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி ஒண்ணுல இருந்து மட்டும் பதினொரு பதிவு. துணைநூற்பட்டியல்ல அந்த ஒரே தொகுதி பதினொரு தடவை அச்சாகும்.

நாங்க மாத்தினது இப்படி. ஒரு தொகுதிக்கு ஒரே பதிவு. முதல் தொகுதி 1890ல ஹுல்ஷ் பதிப்பிச்சது, மாமல்லபுரத்து தர்மராஜ ரதத்துக் கல்வெட்டுகள் எல்லாம் அதுலதான் இருக்கு. பன்னிரண்டாம் தொகுதி 1943, முழுக்கப் பல்லவர் கல்வெட்டு. இப்படித் தொகுதிக்கு ஒண்ணு. எந்தக் கல்வெட்டுங்கிறது மேற்கோளுக்கு உள்ள வரணும். வேர்டுல அந்த மேற்கோள் குமிழை ஒரு தடவை அழுத்தினா சின்னப் பெட்டி திறக்கும். அதுல `Suffix` கட்டத்துல ", எண் இத்தனை"ன்னு எழுதணும். பக்க எண்ணை விடக் கல்வெட்டு எண் நம்பகமானது. மறு அச்சுல பக்கம் மாறலாம், கல்வெட்டு எண் மாறாது.

கல்வெட்டு ஆண்டறிக்கைக்கும் இதே வழிதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிந்தைய அறிக்கைகள்ல செப்பேடு ஒரு பின்னிணைப்பு, கல்வெட்டு இன்னொரு பின்னிணைப்பு, ஏ, பின்னு தனித்தனி வரிசை. எண்ணை மட்டும் எழுதினா எதுன்னு தெரியாது. "பி" சேர்த்து எழுதணும். அறிக்கை எந்த ஆண்டுக்குரியது, எந்த ஆண்டு அச்சானதுன்னும் பாருங்க, ரெண்டும் பெரும்பாலும் வேறயா இருக்கும். அறிக்கை ஆண்டை `Title` கட்டத்துல தலைப்போட சேர்த்து வைங்க, அச்சான ஆண்டை `Date`ல போடுங்க.

இன்னொரு கட்டக் குழப்பம். லாங்ஹர்ஸ்ட் எழுதின பல்லவர் கட்டடக்கலை மூணு பகுதி: 1924, 1928, 1930. தொல்லியல் துறையோட மெமாயர் வரிசையில 17, 33, 40ன்னு எண் வாங்கினது. அந்த 17ஐ `Volume` கட்டத்துல போட்டா, பட்டியல்ல "Vol. 17"ன்னு வரும். ஏதோ பதினேழு தொகுதி இருக்கிற நூல் மாதிரி. வரிசைப் பேர் `Series` கட்டத்துலயும் 17 `Series Number` கட்டத்துலயும் போகணும். பட்டியல்ல பெரிய தொகுதி எண் திடீர்னு தெரிஞ்சா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

உறைஞ்ச மேற்கோளைப் பிடிக்கிற சோதனை

இப்போ லைப்ரரி சுத்தம். ஆனா அஞ்சு ஃபைல்ல எத்தனை மேற்கோள் உயிரோட இருக்கு, எத்தனை கையால டைப் பண்ணது, எத்தனை உறைஞ்சது?

முதல்ல அஞ்சு இயலையும் காப்பி எடுத்து ஒரே ஃபைல்ல ஒட்டினோம். வேர்டுல இருந்து வேர்டுக்கு ஒட்டும்போது ஃபீல்டு கூடவே வரும். கூகுள் டாக்ஸ்ல எழுதுறவங்க கவனம்: நேரா டவுன்லோடு பண்ணா தொடர்பு அறுந்துடும். `Document Preferences` உள்ள `Switch to a different word processor` இருக்கு, அது வழியாத்தான் வேர்டுக்குக் கொண்டு வரணும்.

பெரிய ஃபைல்ல ஒவ்வொரு மேற்கோளுக்கும் மொத்தமும் புதுப்பிச்சுட்டு இருந்தா கம்ப்யூட்டர் திணறும். `Document Preferences`ல தானா புதுப்பிக்கிற டிக்கை எடுத்துட்டு, தேவைப்படும்போது `Refresh` அழுத்தினாப் போதும்.

அப்புறம் அந்தச் சேர்த்த ஃபைலுக்கும் ஒரு நகல் எடுத்தோம். சோதனை நகல்ல மட்டும்தான், மூலத்துல பண்ணக் கூடாது. அந்த நகல்ல ஸ்டைலை ஐ.இ.இ.இ.க்கு மாத்தினோம். அது பொறியியல்காரங்க ஸ்டைல், மேற்கோள் எல்லாம் [1], [2]ன்னு வெறும் எண்ணா மாறிடும். நமக்கு வேண்டியதும் அந்த எண்தான். உயிரோட இருக்கிற ஒவ்வொரு மேற்கோளும் சதுர அடைப்புக்குள்ள எண்ணா மாறும். மாறாம "(பேர், வருஷம்)"ன்னே நிக்கிறது எல்லாம் டைப் பண்ணதோ உறைஞ்சதோதான். வேர்டோட தேடல்ல `(19`, `, 19`, `, 20`ன்னு மாத்தி மாத்தித் தேடினா ஒவ்வொண்ணா சிக்கும்.

முந்நூறு ஆதாரம் இருக்கிற அந்த ஆய்வேட்டுல இருபத்து மூணு மேற்கோள் அசையாம நின்னுது. பாதிக்கு மேல முதல் இயல்ல. ஸொட்டேரோ பழகுறதுக்கு முன்னாடி எழுதினது. மூலத்துக்குத் திரும்பிப் போய், அந்த இருபத்து மூணையும் அழிச்சு, புதுசா `Add/Edit Citation` வழியாப் போட்டாங்க. அதுல ரெண்டு நூல் லைப்ரரியிலயே இல்லை. அதாவது துணைநூற்பட்டியல்ல வராமலே போயிருக்கும்.

ஸ்டைல் மாத்தின நாள்

இதுக்கு அப்புறம்தான் நெறியாளர் கேட்ட மாற்றம். `Document Preferences`, சிகாகோவோட அடிக்குறிப்பு வகை, ஓகே. அடைப்புக்குறி எல்லாம் அடிக்குறிப்பா இறங்கிடுச்சு. அதோட வேலை முடியலை. வாக்கியத்தோட முற்றுப்புள்ளிக்கு முன்னாடி இருந்த மேற்கோள், எண்ணா மாறினப்போ புள்ளிக்கு முன்னாடியே நின்னுது, சில இடத்துல நடுவுல ஒரு இடைவெளியோட. அதை வேர்டுல தேடி மாத்த வேண்டியிருந்தது. "நீலகண்ட சாஸ்திரி (1955) கூறுவது போல"ங்கிற மாதிரி வாக்கியத்தோட கலந்து எழுதின இடங்களை ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும். ரெண்டு நாள் ஆச்சு, ரெண்டு வாரம் ஆகலை.

தமிழ் ஆய்வேட்டுல இன்னொரு தொந்தரவு: மூணு நாலு ஆசிரியர் இருந்தா "et al."னு ஆங்கிலத்துல வரும். ஸ்டைல் ஃபைலைத் திறந்து மாத்தலாம். அதுல மொழிச் சொற்களுக்குன்னு ஒரு பகுதி இருக்கும், அதுக்குள்ள இந்த வரி:

```xml
<locale xml:lang="en">
  <terms>
    <term name="et-al">மற்றும் பிறர்</term>
  </terms>
</locale>
```

ஏற்கனவே `locale` பகுதி இருந்தா புதுசா போட வேண்டாம், நடுவுல இருக்கிற `term` வரியை மட்டும் அதோட `terms` உள்ள சேர்த்துடுங்க. மறக்கக் கூடாதது: ஃபைல் மேல இருக்கிற `<title>`, `<id>` ரெண்டையும் மாத்திச் சேமிக்கணும். பழைய அடையாளத்தோடயே விட்டா, ஸ்டைல் தானா அப்டேட் ஆகும்போது உங்க திருத்தம் காணாமப் போயிடும். இதுக்கு ஒரு எல்லையும் உண்டு. ஆங்கில நூலுக்கும் "மற்றும் பிறர்"னுதான் வரும். ஒரு ஸ்டைலுக்கு ஒரு மொழிதான். தமிழ் ஆய்வேட்டுக்கு அது பரவாயில்லைன்னு நாங்க விட்டுட்டோம்.

கடைசிக் காப்பி

துணைநூற்பட்டியலைத் தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள்னு பிரிச்சுக் கேட்டிருந்தாங்க. ஸொட்டேரோ ஒரே பட்டியல்தான் தரும். ஆங்கிலம் முன்னாடி, தமிழ் பின்னாடின்னு எழுத்து வாரியாத் தானே சேர்ந்து நிக்கும், அதனால ஒரே இடத்துல வெட்டினாப் போதும். ஆனா உயிரோட இருக்கிற பட்டியல்ல வெட்டினா அடுத்த `Refresh`ல பழையபடி வந்துடும். வகை வகையா கலெக்‌ஷன் வெச்சு, ஒவ்வொண்ணுல இருந்தும் தனிப் பட்டியல் எடுக்கலாமேன்னு கேட்பாங்க. எடுக்கலாம், ஆனா அது ஆய்வேட்டுல மேற்கோள் காட்டினதான்னு பார்க்காது. படிச்சும் பயன்படுத்தாத நூலும் உள்ள வந்துடும்.

அதனால வரிசை இது. எல்லாத் திருத்தமும் முடிஞ்சு, நெறியாளர் கையெழுத்துக்குச் சரின்னு சொன்னதுக்கு அப்புறம், ஃபைலுக்கு ஒரு நகல். அந்த நகல்ல மட்டும் `Unlink Citations`. அதோட மேற்கோள் எல்லாம் சாதாரண எழுத்தாயிடும், திரும்ப வராது. அதுல பட்டியலைப் பிரிச்சு, தலைப்புப் போட்டு, அச்சுக்கு அனுப்பணும். உயிரோட இருக்கிற மூலத்தைத் தொடாம வெச்சிருக்கணும்.

தேர்வாளர் திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்பினா வேலை செய்ய வேண்டியது அந்த மூலத்துலதான். தங்கச்சிக்கு வந்துது. ரெண்டு கல்வெட்டு எண்ணைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார். `Suffix`ல ரெண்டு எண்ணை மாத்தினாங்க, புதுசா ஒரு நகல் எடுத்து அனுப்பினாங்க. அன்னிக்கே முடிஞ்சுது.

கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல எடுத்துக்கலாம். அனுப்பும்போது எந்த ஸ்டைல், வேர்டா கூகுள் டாக்ஸா, அதை மட்டும் மறக்காம சொல்லுங்க.